அம்மாவோட முடி நானூறு போட்டோல

கல்யாண ஆல்பம் எடிட் பண்ற யாரைக் கேட்டாலும் ஒரு தலைவலியைச் சொல்வாங்க. ஒருத்தரோட முடி நிறத்தை ஒரு போட்டோல மாத்தித் தரச் சொன்னா பத்து நிமிஷ வேலை. அதே ஆளோட முடியை, காலைல கோயில் வாசல், மதியம் மண்டபம், ராத்திரி ரிசப்ஷன் மேடைன்னு நானூறு போட்டோலயும் ஒரே நிறமாகக் காட்டச் சொன்னா, வாரக்கணக்கில் இழுக்கும். வேலை நிறைய என்பதால் மட்டும் இல்லை. 'ஒரே நிறம்' என்றால் என்ன என்பதே இங்கே தகராறு. இந்தத் தகராறுக்கு இருநூறு வருஷத்துக்கு மேல வயசு ஆகுது. இந்த எபிசோட்ல அந்தக் கதை, அப்புறம் என் கைக்கு வந்த ஒரு ஆல்பம்.

1789, பாரிஸ். பிரெஞ்சுப் புரட்சி வெடிச்ச அதே வருஷம். காஸ்பார் மோன்ஜ் என்ற கணித மேதை அங்கே இருந்த அறிவியல் அகாடமியில் ஒரு சோதனை காட்டினார். எதிர்க் கட்டடத்துச் சுவரில் ஒரு சிவப்புக் காகிதத்தை மாட்டி, அதை ஒரு சிவப்புக் கண்ணாடி வழியாகப் பார்க்கச் சொன்னார். சிவப்பை சிவப்பு வழியா பார்த்தா இன்னும் ரத்தச் சிவப்பா தெரியும்னுதானே நினைப்போம்? காகிதம் வெளுத்துப் போய்த் தெரிந்தது, கிட்டத்தட்ட வெள்ளைக் காகிதம் மாதிரி.

மோன்ஜ் சொன்ன காரணம் எளிமையானது. கண்ணாடி வழியா பார்க்கும்போது சுவர், ஜன்னல், எல்லாமே சிவப்பாகிடுது. வெள்ளைப் பொருள்கூட சிவப்பு ஒளியைத்தான் அனுப்புது. அப்போ கண் என்ன செய்யும்? 'வெளிச்சமே சிவப்பு போல இருக்கு'ன்னு முடிவு செய்து, அந்தச் சிவப்பைக் கழித்துவிடும். சிவப்புக் காகிதமும் வெள்ளைச் சுவரும் ஒரே மாதிரி ஒளியை அனுப்புவதால், ரெண்டும் வெள்ளைக் கணக்கில் சேர்ந்துவிடும். அதாவது நாம ஒரு பொருளோட நிறத்தைத் தனியா எடுத்துப் பார்க்கிறதே இல்லை. பக்கத்தில் என்ன இருக்கு, வெளிச்சம் எப்படி இருக்கு என்று கணக்குப் போட்டுத்தான் நிறத்தை முடிவு பண்றோம்.

கேமராவுக்கு இந்தக் கணக்கு தெரியாது. இனி வரப்போற கதை முழுக்க, அதுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க மனுஷங்க பட்ட பாடுதான்.

கறுப்பு வெள்ளைக் காலத்தில் இந்தச் சிக்கல் கிட்டத்தட்ட இல்லை. 1840கள்லயே போட்டோவுக்குக் கையால் வண்ணம் பூச ஆரம்பிச்சாச்சு. நம்ம ஊர் ஸ்டூடியோக்களிலும் தாத்தா பாட்டி படங்களுக்குக் கன்னத்தில் ரோஸ், சேலையில் பச்சை என்று பூசியிருப்பதைப் பார்த்திருப்பீங்க. கறுப்பு வெள்ளைப் படத்தில் விளக்கோட நிறம் பதியவே பதியாது, வெளிச்சமும் நிழலும்தான் பதியும். பூசுகிறவர் அதன் மேலே அடியில் இருப்பது தெரியும்படி மெல்லிய வண்ணத்தை ஓட்டுவார். முடியோட மினுமினுப்பு, நிழல் எல்லாம் கீழேயிருந்து அப்படியே தெரியும். பத்துப் படத்துக்கும் அதே கிண்ணத்தில் கலக்கிய அதே பழுப்பைத் தொட்டுப் பூசினால் போதும். இப்போ சாஃப்ட்வேர்ல 'கலர்' பிளெண்டிங் மோடு என்று ஒன்று இருக்கே, அதோட கொள்ளுத் தாத்தா இவர்தான்.

கலர் ஃபிலிம் வந்ததும் சிக்கல் திரும்ப வந்தது. பகல் வெளிச்சத்துக்கென ஒரு ஃபிலிம், குண்டு பல்பு வெளிச்சத்துக்கென இன்னொரு ஃபிலிம். பகல் ஃபிலிமைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் எடுத்தால் எல்லாம் ஆரஞ்சு. இதை லேபில் பிரிண்ட் போடும்போது சரிசெய்யணும். லட்சக்கணக்கான படங்களை ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்க்க முடியுமா?

கோடாக் நிறுவனத்தில் இருந்த ரால்ஃப் எவான்ஸ் 1946ல் ஒரு யோசனைக்கு காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். சாதாரணமான ஒரு படத்தில் இருக்கும் எல்லா நிறத்தையும் ஒன்றாகக் கலக்கினால், சுமாராக சாம்பல் நிறம்தான் வரும். அப்போ கலக்கினா சாம்பல் வர்ற மாதிரி ஒவ்வொரு படத்தையும் பிரிண்ட் போட்டா, வெளிச்சத்தின் நிறம் தானா கழிஞ்சுடும். மோன்ஜ் சொன்ன கண்ணோட கணக்கை ஒரு மெஷினுக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரி. அழகான யோசனை. பெரும்பாலான படங்களுக்கு நன்றாகவே வேலை செய்தது.

ஆனா கல்யாணப் படத்துக்கு? அரக்குச் சிவப்புப் பட்டுப்புடவை ஃபிரேமை முக்கால்வாசி அடைச்சிருக்கு. மெஷின் அதைப் பார்த்து 'வெளிச்சம் சிவப்பு'ன்னு முடிவு செய்து சிவப்பைக் குறைக்கும். புடவை கொஞ்சம் மங்கும், அது கண்ணுக்குத் தெரியாது. கறுப்பு முடியில் பச்சை கலந்த நீலம் ஏறும், அது தெரியும். அடுத்த படத்தில் வாழை இலை, மாவிலைத் தோரணம் என்று பச்சை நிறைந்திருந்தால் மெஷின் எதிர்த் திசையில் தள்ளும், முடி செம்பட்டையாகும். ஒரே விளக்கு, ஒரே ஆள், அஞ்சு நிமிஷ இடைவெளி, ரெண்டு வேற முடி. லேப்காரங்க இதுக்கு 'சப்ஜெக்ட் ஃபெயிலியர்'னு பேர் வச்சாங்க. பழியைப் புடவை மேல போட்ட பேர்னு எனக்குத் தோணும்.

இது பழைய கதை இல்லை. உங்க போன் கேமராவோட ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் இப்போ எவ்வளவோ புத்திசாலிதான், ஆனாலும் இதே குழியில் இன்னமும் விழும். ஒரே இடத்தில் நின்று தொடர்ந்து எடுத்த பத்து படத்தில் முடி நிறம் மாறுதுன்னா, பின்னாடி யார் நின்றாங்க, என்ன கலர்ல நின்றாங்கன்னு முதலில் பாருங்க.

மெஷின் ஒழுங்காக ஓடுதான்னு பார்க்க லேபுக்கு ஒரு மாதிரிப் படம் வேணும். 1954ல் அமெரிக்க அரசு போட்ட வழக்கின் முடிவில், ஃபிலிம் விலையோட கழுவும் கூலியையும் சேர்த்து விற்பதை கோடாக் நிறுத்த வேண்டி வந்தது. அதுக்கப்புறம் வெளி லேப்கள் பெருகின. அவங்க மெஷினைச் சரிபார்க்க கோடாக் அனுப்பிய மாதிரிப் படங்களில் ஒரு பெண் இருப்பாங்க. அந்தப் படத்துக்கு 'ஷெர்லி கார்டு'ன்னு பேர். வெள்ளைத் தோல் பெண். அவங்க தோல் சரியா வந்தா மெஷின் சரி. பல தோல் நிறங்களோட கார்டு வர 1990கள் வரை ஆனது. அதுவரைக்கும், மாநிறமோ கறுப்போ ஆன ஒருத்தர் படத்தில் மங்கினா, முகமும் முடியும் ஒரே இருட்டாகக் கலந்தா, மெஷின் கணக்கில் அது பிழையே இல்லை. இந்த விஷயத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வரும்.

1976ல் மெக்கேமி, மார்கஸ், டேவிட்சன் என்ற மூணு பேர் மெக்பெத் நிறுவனத்துக்காக 24 கட்டம் போட்ட ஒரு வண்ண அட்டையை வெளியிட்டாங்க. மனுஷ முகத்துக்குப் பதில் அளந்து செய்த வண்ணங்கள். கடைசி வரிசையில் வெள்ளையிலிருந்து கறுப்பு வரை ஆறு கட்டம். வெளிர் தோல், கருந்தோல், வானம், இலை எல்லாத்துக்கும் ஒவ்வொரு கட்டம் உண்டு. முடிக்கு இல்லை. முடி ஒரு கட்டத்தில் அடங்காது என்பதும் உண்மைதான். ஒவ்வொரு இழையிலும் மேலே விளக்கோட நிறத்தில் ஒரு மினுமினுப்பு, அதுக்குக் கீழே முடியோட சொந்த நிறம், அதுக்கும் கீழே இருட்டு.

சரி, ஆல்பத்துக்கு வருவோம்.

மணமகள் அனுப்பினாங்க. கேட்டது தனக்காக இல்லை, அம்மாவுக்காக. அம்மாவுக்குப் பாதி நரை. கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி மருதாணி போட்டாங்க. மருதாணி கறுப்பு முடியில் பெருசா தெரியாது, நரை முடியில் பளிச்சென ஆரஞ்சாகும். அம்மாவுக்குப் படத்தில் தன் தலையைப் பார்க்கவே பிடிக்கலை. கறுப்பு வேண்டாம், பொய்யா தெரியும், அடர் பழுப்பு போதும்னு அவங்களே சொல்லிட்டாங்க. இதை ஏற்கெனவே வேறொருத்தர் ஒரு முறை செய்து கொடுத்திருந்தார். காலைப் படங்களில் முடி கிட்டத்தட்டக் கறுப்பு, ராத்திரிப் படங்களில் இன்னமும் ஆரஞ்சு, சிலதில் அம்மாவோட முகமே ரெண்டு ஷேடு வெளுத்திருந்தது. மணமகள் எனக்கு அனுப்பின மெசேஜ் ஒரே வரி: "முடி மட்டும் மாறணும், அம்மா மாறக் கூடாது."

அவர் செய்திருந்தது எளிதாகப் புரிந்தது. ஒரு படத்தில் நல்ல பழுப்பு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதே எண்களை எல்லாப் படத்திலும் பூசியிருக்கார். கிண்ணத்தில் கலக்கிய அதே பழுப்பு. கறுப்பு வெள்ளைக்கு அது சரி, கலருக்குச் சரிவராது. அதிலும் பழுப்புக்குச் சுத்தமா சரிவராது.

ஏன்னா பழுப்பு என்று தனியாக ஒரு நிறமே இல்லை. பழுப்பு என்பது மங்கலான ஆரஞ்சு. நம்பலைன்னா ஒரு சாக்லேட் படத்தை போன்ல நல்ல பிரகாசமா வச்சு, இருட்டு அறையில், ஒரு காகிதக் குழல் வழியா அந்தச் சாக்லேட் மட்டும் தெரியும்படி பாருங்க. ஆரஞ்சு தெரியும். குழலை எடுத்ததும் மறுபடி பழுப்பு. சுற்றி இருப்பது அதைவிடப் பிரகாசமா இருந்தாத்தான் கண் அதைப் பழுப்பு என்று ஒத்துக்கும். அதனால் அதே எண்கள், வெயில் படத்தில் கறுப்பாகவும், பின்னணி இருண்ட ரிசப்ஷன் படத்தில் ஆரஞ்சாகவும் தெரியும். எடிட்டர் ஏமாத்தலை, எண்களும் மாறலை. மாறினது சுற்றுப்புறம்.

அம்மாவோட ஒரு படத்தில் நான் எடுத்த அளவைச் சொல்றேன். மருதாணி முடி 176, 98, 52. நமக்கு வேண்டிய அடர் பழுப்பு 74, 48, 34. அம்மாவோட நெற்றி 170, 120, 90. இந்த மூணு நிறத்துக்கும் ஹியூ, அதாவது வண்ணச் சக்கரத்தில் இருக்கும் இடம், ஏறத்தாழ 22 டிகிரிதான். இதில் ரெண்டு சேதி இருக்கு. ஹியூ ஸ்லைடரை இழுப்பதால் பெரிசா ஒன்றும் நடக்காது, வெளிச்சத்தையும் அடர்த்தியையும் குறைப்பதுதான் வேலை. அடுத்தது, ஆரஞ்சை மட்டும் தேர்ந்தெடுன்னு சாஃப்ட்வேர்கிட்ட சொன்னா நெற்றியையும் சேர்த்து அள்ளிக்கும். அதனால மாஸ்க்கைக் கையால்தான் வரையணும். வகிட்டைத் தொடக் கூடாது, அங்கே குங்குமம் இருக்கு. மாஸ்க்குக்குள் ஏற்கெனவே கறுப்பா இருக்கும் இழைகளையும், உச்சியில் பளபளக்கும் கோட்டையும் வெளிச்ச வரம்பு வைத்து விலக்கணும். அந்தப் பளபளப்பு முடியோட நிறமே இல்லை, விளக்கோட நிறம். அதையும் பழுப்பாக்கினா தலை விக் மாதிரி ஆகிடும்.

முதலில் படங்களை நேர வரிசையில் இல்லாமல், வெளிச்ச வரிசையில் பிரித்தேன். கோயில் வாசல் நிழல், மண்டபத்து மஞ்சள் விளக்கு, சாப்பாட்டுக் கூடத்து டியூப் லைட், ரிசப்ஷன் மேடை. நாலு குவியல். ஒவ்வொரு குவியலுக்கும் ஒரு தலைமைப் படம். முடியைத் தொடுவதற்கு முன், ஒவ்வொரு தலைமைப் படத்திலும் வெளிச்சத்தோட நிறத்தைக் கழிக்கணும். ஆட்டோவை நம்பக் கூடாது, அது எவான்ஸ் காலத்துப் பிழையைச் செய்யும்.

வெள்ளை வேட்டியை வைத்துக் கழிக்கலாமே? எல்லாருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். வேட்டி ஏமாத்தும். வெளுப்பாகத் தெரிய துணியில் சேர்க்கும் பளிச்சூட்டி, வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரை வாங்கி நீலமாகத் திருப்பி விடும். எல்.இ.டி. விளக்கில் அந்தக் கதிர் அநேகமாகக் கிடையாது. அதனால் அதே வேட்டி வெளியே நீல வெள்ளை, உள்ளே சாதா வெள்ளை. வேட்டியை நம்பினா வெளிப்புறப் படங்களில் எல்லாமே கொஞ்சம் மஞ்சளாகி, முடி திரும்பவும் மருதாணிப் பக்கம் போகும். நான் எடுத்துக்கிட்டது அம்மா தலையில் இருந்த மல்லிகைச் சரம். பளிச்சூட்டி இல்லாத வெள்ளை, முடிக்கு ஒட்டியே இருக்கு, முடி மேல விழும் அதே வெளிச்சம் அதன் மேலயும் விழுது. மல்லிகை துல்லியமான வெள்ளை இல்லை, கொஞ்சம் பால் நிறம்தான். ஆனா மூணு குவியலிலும் அதே பூ. எனக்கு வேண்டியது எல்லா இடத்திலும் ஒரே அளவுகோல், அவ்வளவே. போட்டோகிராபர் காலைல ஒரே ஒரு ஷாட்ல சாம்பல் அட்டையைப் பிடிச்சிருந்தா இந்தப் பாடே தேவையில்லை.

அடுத்து முடி. எண்ணைப் பூசாமல், நெற்றிக்கும் முடிக்கும் உள்ள உறவைப் பிடித்துக்கொண்டேன். வெளிச்சத்தை 0 முதல் 100 வரை கண்ணுக்குத் தெரியும்படி அளக்கும் லேப் அளவில், அந்தப் படத்தில் நெற்றி 55, மருதாணி முடி 50. அதாவது தலை கிட்டத்தட்ட முகம் அளவுக்குப் பிரகாசம், அதனால்தான் அம்மாவுக்கு உறுத்தியது. வேண்டிய பழுப்பு 23. அந்த அளவில், நெற்றி திருப்பி அனுப்பும் ஒளியில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கை முடி அனுப்புது. எந்த வெளிச்சத்திலும் அந்தப் பங்கு மாறக் கூடாது. வெயில் பட்டு நெற்றி 65 ஆனால் முடி 28. மேடை ஓரத்து இருட்டில் நெற்றி 40 என்றால் முடி 15. ஒரே முடிக்கு மூணு எண், பார்க்கும்போது ஒரே நிறம்.

இந்த உறவைச் சரிக்கட்ட இன்னொரு குறுக்கு வழி இருக்கு. முடியை இருட்டாக்குறதுக்குப் பதில் நெற்றியை வெளுப்பாக்கலாம். வித்தியாசம் அதேதான் வரும், மெனக்கெடவும் வேண்டாம். முன்னாடி செய்தவர் ராத்திரிப் படங்களில் அதைத்தான் செய்திருக்கார். ஷெர்லி கார்டு ஞாபகம் இருக்கா? எதை நிலையாக வைக்கிறோமோ அதுதான் சரி, மற்றதெல்லாம் அதுக்காக வளையும். இங்கே நிலையா இருக்க வேண்டியது அம்மாவோட நெற்றி. அதனால நெற்றி மேல மாஸ்க் கிடையாது, ஸ்லைடர் கிடையாது, ஒரு பிரஷ்கூடப் படக் கூடாதுன்னு வச்சுக்கிட்டேன்.

தலைமைப் படம் சரியானதும் அதே அமைப்பைக் குவியலில் இருக்கும் மற்ற படங்களுக்கு நகல் எடுத்து, மாஸ்க்கை மட்டும் ஒவ்வொன்றிலும் திருத்தினேன். இங்கேதான் நேரம் போகும், இதில் குறுக்கு வழி எனக்குத் தெரியலை. கடைசியில் விளக்கோட சூட்டைத் திரும்பக் கொண்டுவந்தேன். மண்டபப் படத்தை முழுக்க நடுநிலையாக விட்டால் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். 3000 கெல்வினில் கழித்ததை 3500 பக்கம் ஏற்றினால் மஞ்சள் கொஞ்சம் திரும்பும். அது மொத்த ஃபிரேமுக்கும் போவதால் முகமும் முடியும் பூவும் சேர்ந்தே சூடாகும், உறவு கெடாது.

சரியா வந்திருக்கான்னு பார்க்க, மூணு குவியலிலிருந்தும் நெற்றியோட சேர்ந்த ஒரு துண்டு முடியை வெட்டி, சாம்பல் பின்னணியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். முடியை மட்டும் வெட்டி வைத்தால் உபயோகம் இல்லை, காகிதக் குழல் கதையாகிடும். நெற்றி இருந்தாத்தான் பழுப்பு பழுப்பாகத் தெரியும். முதல் தடவை டியூப் லைட் துண்டு மட்டும் தனியா நின்றது, லேசா பச்சை. அந்தக் குவியலில் டின்ட்டைக் கொஞ்சம் மெஜந்தா பக்கம் நகர்த்தினதும் வரிசையில் சேர்ந்தது.

மீதி ரிசப்ஷன் மேடை. முழுக்க ஊதா எல்.இ.டி. அதில் சிவப்பும் நீலமும் மட்டும்தான், பச்சை ஒளி அநேகமாக இல்லை. இல்லாத ஒளியை ஒயிட் பேலன்ஸ் கொண்டுவராது. பச்சையை ஏத்தினா புள்ளி புள்ளியா இரைச்சல்தான் வரும். ஆனா இதிலேயே ஒரு வசதியும் ஒளிந்திருந்தது. மருதாணி ஆரஞ்சை ஆரஞ்சாகக் காட்டுவது சிவப்போட சேரும் கொஞ்சம் பச்சை. பச்சையே இல்லாத விளக்கில் மருதாணி முடியும் பழுப்பு முடியும் நிறத்தில் கிட்டத்தட்ட ஒன்றுதான், ரெண்டும் சிவப்பு ஊதா. வித்தியாசம் பிரகாசத்தில் மட்டும். அதனால அந்த அறுபது சொச்சம் படங்களில் நிறத்தைத் தொடவே இல்லை. நெற்றியைப் பார்த்து அதே ஆறில் ஒரு பங்குக்கு முடியை இருட்டாக்கினேன், அவ்வளவுதான். முன்னாடி செய்தவர் அந்தப் படங்களில் பழுப்பு பூசியிருந்தார். ஊதா மேடையில் எல்லாரும் ஊதா, அம்மா தலை மட்டும் பழுப்பு.

ஆல்பம் அச்சுக்குப் போகும் முன் ஒரே ஒரு விரிபக்கத்தை மேட் தாளில் போட்டு வாங்கினேன். இடது பக்கம் கோயில் வாசல், வலது பக்கம் மேடை. மேட் தாளில் கறுப்பு அவ்வளவு ஆழமாக இறங்காது, அதனால 15ல் இருந்த முடி தாளில் இன்னும் கொஞ்சம் வெளுத்துத்தான் வரும். வந்தது. மேடைப் படங்களை மட்டும் இன்னும் ஒரு சிட்டிகை இறக்கி, ரெண்டாவது பிரதியை மணமகளுக்கு அனுப்பினேன். அதை அம்மாவிடம் எதுவும் சொல்லாமல் காட்டியிருக்காங்க. அம்மா ரொம்ப நேரம் பார்த்துட்டு, மேடைப் படத்தில் தன் பக்கத்தில் நிற்கும் நாத்தனாரோட புடவை என்ன கலர்னு கேட்டாங்களாம்.